ஸ்டாஃப் ரூமில் கையெழுத்தை ஒளிக்க முடியாது

கேள்வி: வணக்கம் அம்மா. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஸ்டாஃப் ரூம் மாதிரி ஒரு அறையை வைத்து முதல்முறையாக ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். அறிவியல் டீச்சருக்கு யாரோ பெயர் போடாமல் ஏழு துண்டுச்சீட்டு வைக்கிறார்கள். கடைசியில் அது அந்த வருடம் ரிட்டயர் ஆகப்போகும் கணக்கு சார் என்று தெரிகிறது. படித்த இரண்டு பேருமே "முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது" என்கிறார்கள். அதில் ஒருவர் "இது அன்பா, தொந்தரவா?" என்றும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கதையை அனுப்பியிருக்கிறேன். எங்கே சறுக்குகிறது?
– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

கதையை இரண்டு முறை படித்தேன். முதல் பக்கத்திலேயே தெரிந்துபோவதற்குக் காரணம் சின்னது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது பத்தியில் "கணக்கு சாருக்கு ஏனோ மனம் படபடத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அறையில் இருக்கும் ஏழு பேரில் அவர் மனதுக்குள் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டீர்கள். வாசகருக்கு அதுவே போதும். கதை முழுக்க அறிவியல் டீச்சரோடு மட்டும் இருங்கள். அவர் பார்த்தது, கேட்டது, நினைத்தது தவிர வேறொன்றும் தாளில் வரக்கூடாது. அந்த ஒரு வரியை அடித்தாலே பாதி சரியாகிவிடும்.

மீதிப் பாதி கஷ்டமானது. உங்கள் கதையில் சீட்டுகள் கையால் எழுதப்பட்டவை. ஏழு சீட்டு வந்த பிறகும் டீச்சருக்கு யார் எழுதியது என்று தெரியவில்லை. இதை என்னால் நம்ப முடியவில்லை. நீங்களும் நிதானமாக யோசித்தால் நம்பமாட்டீர்கள். என் அம்மா ஆசிரியையாக இருந்தவர். பள்ளி விட்ட பிறகு அவருக்குத் துணையாக உட்கார்ந்து விடைத்தாள் மதிப்பெண் கூட்டிக் கொடுப்பேன். மேசையில் கிடக்கும் எந்த நோட்டைத் திறந்தாலும் அது யார் எழுத்து என்று பத்து வயதில் எனக்கே தெரியும். மதிப்பெண் பதிவேடு, வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பேடு, சப்ஸ்டிட்யூஷன் நோட்டு, கரும்பலகையில் அழிக்காமல் விட்ட பாதிக் கணக்கு என்று ஒருவர் எழுத்தை இன்னொருவர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும் இடம் அது. அங்கே கையெழுத்தால் எழுதிய மொட்டைச் சீட்டு ஒரு வாரம் தாங்காது.

இந்த ஓட்டையை அடைக்க எல்லோரும் செய்கிற வழிகள் உண்டு. கம்ப்யூட்டர் லேபில் அச்சடித்தது என்பார்கள், இடது கையால் எழுதியது என்பார்கள், ஒரு மாணவனை எழுதச் சொன்னது என்பார்கள். கடைசி வழியைத் தொடவே வேண்டாம். ஒரு பிள்ளையைத் தூது ஆக்குகிற மனிதர்மேல் வாசகருக்கு அதற்குப் பிறகு மதிப்பு வராது. மற்ற இரண்டும் கதையைத் துப்பறியும் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நான் சொல்வது, அடைக்கவே வேண்டாம். டீச்சர் இரண்டாவது சீட்டிலேயே கண்டுபிடித்துவிடட்டும். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லாமல் இருக்கட்டும். அப்போது "யார் எழுதியது" என்ற கேள்வி பாதியிலேயே தீர்ந்துவிடும். தெரிந்துகொண்டவர் என்ன செய்யப்போகிறார் என்பது மிச்சம் இருக்கும். ரகசியம் கணக்கு சாரிடமிருந்து டீச்சர் கைக்கு வந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பார்? இதற்கான சாவி உங்கள் கதையிலேயே கிடக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. கணக்கு சாருக்கு அந்த வருடம் அறுபது. அப்படியானால் அவர் ஒன்றாம் வகுப்பில் எழுதப் பழகியது 1970-களின் தொடக்கம். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978-இல். அதற்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்கையும் இப்போது போல இரட்டைச் சுழி கொம்பு முன்னால் போட்டு எழுதவில்லை. எழுத்தின் மேலேயே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு ஏறும். அந்த வயதுக்காரர்களில் சிலர் பின்னால் புது வடிவத்துக்கு மாறினார்கள், சிலருக்குக் கை மாறவே இல்லை. உங்கள் டீச்சருக்கு நாற்பத்தொன்று. அவர் படிக்க வந்தபோது பழைய லை பாடப்புத்தகத்தில் இல்லை. அந்த அறையில் தும்பிக்கை போட்டு எழுதுகிற ஒரே ஆள் கணக்கு சார்தான் என்று வையுங்கள். எழுத்தின் சாய்வை மாற்றலாம், பேனாவை மாற்றலாம், ஒன்றாம் வகுப்பில் படிந்தது மட்டும் அவசரத்தில் வெளியே வந்துவிடும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. வழக்கமான அச்செழுத்துகளில் அந்த வடிவம் கிடையாது. ஆகையால் பத்திரிகையில் அதைக் காட்ட முடியாது, சொல்லத்தான் வேண்டும். அது உங்களுக்கு நல்லதுதான். முதல் சீட்டைப் படிக்கும்போது "கடைசி எழுத்து மட்டும் தலைக்கு மேல் ஒரு சுருள் போட்டிருந்தது" என்று போகிற போக்கில் ஒரு வரி வையுங்கள். வாசகர் கண்ணில் படும், மனதில் தங்காது.

அடுத்தது சீட்டுகளில் இருக்கும் வாசகம். உங்கள் முதல் சீட்டு, "உங்கள் கண்கள் இரண்டு நிலவுகள்." இதை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். சீட்டில் இருக்கும் விஷயம், குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிற்பவருக்கு மட்டும் தெரியக்கூடியதாக இருக்க வேண்டும். அன்பும் துப்பும் ஒரே வரியில் வந்துவிடும். உதாரணத்துக்கு:

"சாக்பீஸை இரண்டாக உடைத்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறீர்கள். அதனால் சத்தமே வருவதில்லை."

முழு சாக்பீஸ் பலகையில் கிறீச்சிடும், உடைத்த துண்டு அப்படி அலறாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பத்தாம் வகுப்பு பி பிரிவில் ஒரு டீச்சர் அப்படிச் செய்கிறார் என்பது யாருக்குத் தெரியும்? பிள்ளைகளுக்குத் தெரியும். அடுத்த அறையில், ஏ பிரிவில், அதே பீரியடில் கணக்கு நடத்துபவருக்குத் தெரியும். புகழ்ச்சி என்று ஒரு சொல்கூட இதில் இல்லை. ஆனால் ஒருவர் தன் வகுப்பை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார் என்று புரிகிறது. "வருவதில்லை" என்று முடிவதால் அந்தச் சுருளும் வந்துவிட்டது.

இரண்டாவது சீட்டும் இப்படியே வரட்டும். "ஒளிச்சேர்க்கையை அந்தப் பையன் மூன்று முறை தப்பாகச் சொன்னான். நீங்கள் அவனை உட்காரச் சொல்லவில்லை." இவ்வளவு போதும். ஏழு சீட்டை மூன்றாகக் குறையுங்கள். நாலாவதிலிருந்து ஆறாவது வரை நீங்கள் எழுதியிருப்பவை ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

அந்த மூன்றும் போக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் நண்பர் கேட்ட கேள்வி அங்கேதான் பிறக்கிறது. நாலாவது சீட்டில் "நீலப் புடவை உங்களுக்கு அழகு, நாளையும் அதையே கட்டுங்கள்" என்று இருக்கிறது. அது கட்டளை. ஐந்தாவதில் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததாக வருகிறது. அது பின்தொடர்வது. ஆறாவது சீட்டு அவர் கைப்பைக்குள் இருக்கிறது. பொது மேசையில் கிடக்கும் பாடக்குறிப்பேட்டில் ஒரு தாளைச் செருகுவதும், ஒரு பெண்ணின் பையைத் திறந்து கைவிட்டு வைப்பதும் ஒன்றில்லை டீச்சர். உங்கள் நாயகி அந்த இடத்தில் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். நான் படிக்கும்போது எனக்குப் பயமாக இருந்தது.

2013-ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்தில் ஒரு பெண் விரும்பாத பாலியல் நோக்கமுள்ள சொல்லையும் செயலையும் பாலியல் துன்புறுத்தலாகப் பார்க்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதற்கென்று உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தொடர்ந்து நடப்பதாக இருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். இதைக் கதைக்குள் பாடமாக நடத்தச் சொல்லவில்லை. அந்த அறையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு இது தெரிந்திருக்கும், இன்றைய வாசகருக்கும் தெரிந்திருக்கும் என்பதை மறக்காமல் எழுதுங்கள். சீட்டு அவர் வேலையைப் பற்றிப் பேசட்டும், உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம். எதையும் கேட்க வேண்டாம். அப்படியிருந்தும் முதல் சீட்டைப் பார்த்ததும் அவர் தன் பீரோ சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பயம் நியாயமானது. அது இருந்தால்தான் பிறகு அது தணிவதையும் வாசகர் நம்புவார்.

பயம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நம் ஊரில் பெயர் போடாத தாள் என்றாலே முதலில் வாயில் வரும் சொல் மொட்டைக் கடுதாசி. அது புகார் எழுதும் வடிவம். மேலிடத்துக்கு யாரோ எதையோ தட்டிவிட்டார்கள் என்ற பதற்றம்தான் ஓர் ஆசிரியருக்கு முதலில் வரும். உங்கள் நாயகி சீட்டைப் பிரித்ததும் "யாரோ என்னை ரசிக்கிறார்கள்" என்று நினைக்கிறார். இல்லை, அவர் முதலில் "யார் என்மேல் புகார் சொல்கிறார்கள்?" என்றுதான் நினைப்பார். சாக்பீஸை உடைப்பது வீண்செலவு என்று குத்திக்காட்டுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். இரண்டு நாள் முழு சாக்பீஸால் எழுதுவார், பலகை கிறீச்சிடும். இந்த இரண்டு நாளை எழுதுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் அது கேட்கும் அல்லவா? அதனால்தான் இரண்டாவது சீட்டு வருகிறது. இப்போது ஒரு சீட்டிலிருந்து அடுத்தது பிறக்கிறது. உங்கள் பிரதியில் செவ்வாய்க்கு ஒன்று, வியாழனுக்கு ஒன்று என்று தேதி மட்டுமே மாறுகிறது.

சரி, சீட்டை எப்போது வைப்பது? நீங்கள் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைத்திருக்கிறீர்கள். ஏழு டிபன் பாக்ஸும் திறந்திருக்கும் நேரம் அது. ஒரு வெள்ளைத்தாளில் ஏழு பேர் பெயரைக் கீழ்நோக்கி எழுதி, எட்டு பீரியடைக் குறுக்கே போட்டு, யார் எங்கே என்று நிரப்பிவிடுங்கள். நீங்கள் தினமும் பார்க்கும் கால அட்டவணைதான். டீச்சர் வகுப்பில் இருக்க, கணக்கு சாருக்கு ஃப்ரீ பீரியடாக இருக்க, மற்றவர்களும் அறையில் இல்லாத கட்டம் எது என்று பாருங்கள். வியாழன் இரண்டாம் பீரியட் கிடைக்கிறது என்று வையுங்கள். ஆங்கில சாருக்கும் அப்போது ஃப்ரீதான், ஆனால் அவர் எமிஸ் என்ற மாணவர் விவரப் பதிவு வேலைக்காக அலுவலகத்தில் இருக்கிறார். இந்த அட்டவணையைக் கதைக்குள் கொண்டுவர வேண்டாம். உங்கள் மேசையில் இருந்தால் போதும்.

கதையின் நடுப்பகுதியையும் இதே அட்டவணைதான் கொடுக்கும். அந்த வியாழன் மழை. விளையாட்டு பீரியட் நடக்கவில்லை. வழக்கமாக மைதானத்தில் இருக்கும் பி.டி. சார் கொஞ்ச நேரம் அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டாவது சீட்டைத் தமிழம்மா தற்செயலாகப் பார்த்துவிடுகிறார். அன்று அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். பழி பி.டி. சார்மேல் விழுகிறது.

நம் அகப்பாடல்களில் ஊர் பேசுவதற்கு இரண்டு சொற்கள் உண்டு. வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், எல்லோருக்கும் கேட்கும்படி வெளிப்பட்டுப் பரவுவது அலர். ஒன்று மொட்டு, இன்னொன்று பூ. உங்கள் ஸ்டாஃப் ரூமை இந்த இரண்டு படியாக எழுதுங்கள். முதல் நாள் தமிழம்மாவும் வரலாறு டீச்சரும் தண்ணீர்க் குடத்தருகே குரலைத் தாழ்த்துகிறார்கள், டீச்சர் வந்ததும் பேச்சு நிற்கிறது. அம்பல். மூன்றாம் நாள் பி.டி. சார் உள்ளே வரும்போது யாரோ "என்ன சார், இன்னைக்கு வெயில் அடிக்குது, இங்க என்ன வேலை?" என்று உரக்கக் கேட்க அறை சிரிக்கிறது. அலர். அவர் முகம் சிவந்து, விசிலை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார்.

அந்தச் சிரிப்பின்போது அறிவியல் டீச்சருக்கு உண்மை தெரியும். இது முக்கியம். ஆகவே அவர் கண்டுபிடிக்கும் காட்சி இதற்கு முன்னால் வர வேண்டும். எங்கே வைத்துக் கண்டுபிடிப்பார் என்பதற்கு எனக்குத் தோன்றியது டீ நோட்டு. ஸ்டாஃப் ரூம் டீ காசுக்கு ஒருவர் கணக்கு எழுதுவாரே, அது உங்கள் கதையில் கணக்கு சாராக இருக்கட்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன், நீங்கள் இதை உங்கள் கையில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"மாதக் கடைசி. யார் எவ்வளவு என்று பார்க்க டீ நோட்டைப் பிரித்தாள். ஓரங்கள் டீக்கறையில் பழுத்திருந்தன. 'தலைமை ஆசிரியர் – 22.' விரல் அடுத்த வரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. தலைமையில் இருந்த லை, யானை தும்பிக்கையைத் தூக்கிய மாதிரி மேலே வளைந்திருந்தது. பாடக்குறிப்பேட்டைத் திறந்து சீட்டை எடுத்து நோட்டின் பக்கத்தில் வைத்தாள். வருவதில்லை. சொல்லவில்லை. தலைமை. எதிர் மேசையில் கணக்கு சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் தன் பெயருக்கு நேரே இருந்த தொகையை இரண்டு முறை எண்ணி வைத்துவிட்டு நோட்டை மூடினாள்."

இதில் "அவளுக்குப் புரிந்துவிட்டது" என்ற வரி இல்லை என்பதைக் கவனியுங்கள். நீங்களும் எழுத வேண்டாம். அவள் இரண்டு முறை எண்ணுவதில் வாசகருக்குப் புரிந்துவிடும்.

இனி அவள் மௌனத்துக்கு ஒரு விலை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு மாதம் இருக்கும் ஒரு மனிதர் அவமானப்படுவார். திறக்காவிட்டால் ஒன்றும் செய்யாத பி.டி. சார் அவமானப்பட்டுக்கொண்டே இருப்பார். அவருக்கும் வீடு, மனைவி, ஊர் எல்லாம் உண்டு. உங்கள் பிரதியில் இல்லாத எடை இதுதான். அவள் பேசாமல் இருக்கும் அந்த நாலைந்து நாளில் அவள்மேலும் வாசகருக்குக் கொஞ்சம் கோபம் வரட்டும், தயங்க வேண்டாம்.

இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியவர் கணக்கு சார். மூன்றாவது சீட்டு பாடக்குறிப்பேட்டில் வருவதில்லை. காலையில் எல்லோரும் வரும்போது பொது மேசை நடுவில், டஸ்டரை மேலே வைத்துக் கிடக்கிறது. "பி.டி. சார் இல்லை. இனி எழுத மாட்டேன்." அவ்வளவுதான். எழுத்து மறைக்கப்படவில்லை, அவருடைய வழக்கமான சாய்வு அப்படியே இருக்கிறது. அதாவது மாட்டிக்கொள்ளத் துணிந்துவிட்டார். அறையில் யார் யாருக்குப் புரிந்தது என்று சொல்லாதீர்கள். தமிழம்மா அந்தத் தாளை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போடுகிறார், பி.டி. சாருக்கு ஒரு டீ கொண்டுவரச் சொல்கிறார். போதும்.

உங்கள் முடிவில் டீச்சர் அவரைத் தனியே சந்தித்து இரண்டு பக்கம் பேசுகிறார். அவர் மன்னிப்புக் கேட்கிறார், இவர் அழுகிறார், "நீங்கள் என் தந்தை போல" என்கிறார். அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். அவ்வளவு நாள் வாய் திறக்காதவர்கள் அங்கே மட்டும் ஏன் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும்? அவர்களுக்குள் நடந்தது முழுக்க எழுத்தில் நடந்தது. முடிவும் எழுத்திலேயே இருக்கட்டும். மே மாதம், பிரிவுபசார விழா முடிந்து மாலையும் பொன்னாடையும் மேசையில் கிடக்கின்றன. டீ நோட்டு டீச்சர் பொறுப்புக்கு வருகிறது. கணக்கு சார் பெயருக்கு நேரே கணக்கை முடித்து அவள் "பாக்கி இல்லை" என்று எழுதுகிறாள். அந்த லையை மட்டும், வாழ்நாளில் முதல்முறையாக, தும்பிக்கை போட்டு எழுதுகிறாள். சரிபார்க்கச் சொல்லி நோட்டை அவர் பக்கம் திருப்புகிறாள்.

அவர் படிப்பதையும் எழுதலாம், எழுதாமலும் விடலாம். நான் விட்டுவிடுவேன். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதும், அவள் பதில் என்ன என்பதும், அவர்மேல் வருத்தம் இல்லை என்பதும் அந்த இரண்டு சொல்லில் இருக்கின்றன.

திருத்தி எழுதும்போது பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், வரிகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். முதலில் டீ நோட்டுக் காட்சியை எழுதிவிட்டு அதற்கு முன்னும் பின்னும் கட்டுங்கள். இரண்டாயிரம் சொல்லுக்குள் நிற்கும். உங்கள் பள்ளியில் யாராவது இன்னும் பழைய லை போடுகிறாரா என்று ஒருமுறை பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள். இருந்தால், கதையில் அவருடைய பாடத்தை மாற்றிவிடுங்கள்.